ஃபெரிட்டின் 64: இரும்பு இருக்கிறதா, இல்லையா?

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 46 வயதுப் பெண், ஆறு வருடமாக முடக்குவாதம், மூட்டுவலிக்கு அடிக்கடி வலி மாத்திரை. ஹீமோகுளோபின் 9.4. ஃபெரிட்டின் 64, அது லேப் தாளில் ‘நார்மல்’ வரம்புக்குள் இருக்கிறது. இரும்பில் குறையில்லை, இது நாள்பட்ட நோயால் வந்த சோகை என்று எழுதி மூடிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் சி.ஆர்.பி.

ஃபெரிட்டினைப் படிப்பதற்கு முன் அழற்சி இருக்கிறதா என்று பாருங்கள். அழற்சி வந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்தான் சி.ஆர்.பி. இவருக்கு அது லிட்டருக்கு 38 மில்லிகிராம். 5-க்கு மேல் போனாலே அழற்சி என்று எடுத்துக்கொள்ளலாம். இ.எஸ்.ஆர். மட்டும் கையில் இருந்தால் எச்சரிக்கை: சோகையே அதை ஏற்றிவிடும்.

பிறகு ஃபெரிட்டின்

ஃபெரிட்டின் இரும்பைச் சேமிக்கும் புரதம். ஆனால் உடம்பில் அழற்சி வந்தால், சேமிப்பு கரைந்திருந்தாலும் அது ஏறும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் இரண்டு வரம்பு வைத்தது: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15-க்குக் கீழ், தொற்றோ அழற்சியோ இருந்தால் 70-க்குக் கீழ். நடைமுறையில் பலரும் 30-ஐயும் 100-ஐயும் வைத்துக்கொள்கிறார்கள். 30-க்குக் கீழே வந்தால் அழற்சி இருந்தாலும் இரும்புக்குறைதான். அழற்சியோடு 100-ஐத் தாண்டினால் நாள்பட்ட நோய்ச்சோகை பக்கம் சாயலாம். நம்ம 64 நடுவில் மாட்டிக்கொண்டது.

அப்புறம் டிரான்ஸ்ஃபெரின் செறிவு

டிரான்ஸ்ஃபெரின் ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம். ரத்தம் மொத்தம் எவ்வளவு இரும்பைப் பிடித்துக்கொள்ள முடியும் என்ற அளவுதான் டி.ஐ.பி.சி. சீரம் இரும்பை டி.ஐ.பி.சி.யால் வகுத்து நூறால் பெருக்குங்கள். இவருக்கு இரும்பு 32, டி.ஐ.பி.சி. 290. கணக்கு 11 சதவீதம். 20-க்குக் கீழ் என்றால் குறைவு.

இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். செறிவு இரண்டு சோகையிலும் குறையும். நாள்பட்ட நோயில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, இரும்பைச் சேமிப்பிலேயே அடைத்துவிடுகிறது. கிடங்கில் நெல் இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது. ஆகவே 11 சதவீதம் சொல்வது, மஜ்ஜைக்கு இரும்பு போய்ச் சேரவில்லை என்பதை மட்டும்தான். பிரித்துக்காட்ட டி.ஐ.பி.சி.யைத் தனியாகப் பாருங்கள். வெறும் இரும்புக்குறையில் அது ஏறும், அழற்சியில் இறங்கும். இவருக்கு இரண்டும் எதிரெதிரே இழுப்பதால் 290 நடுவாந்திரமாக நிற்கிறது என்று நினைக்கிறேன்.

சீரம் இரும்பு நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். காலையில் இரும்பு மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுத்திருந்தால் அந்த 32-ஐ நம்பவே முடியாது. கேட்டுவிடுங்கள்.

சேர்த்துப் பார்த்தால்

அழற்சி உண்டு, ஃபெரிட்டின் 30-க்கும் 100-க்கும் நடுவில், செறிவு 20-க்குக் கீழ்: இரண்டும் கலந்த சோகை. அப்படியானால் இரும்பு எங்கே போகிறது? வலி மாத்திரையால் இரைப்பையில் கசிவு இருக்கலாம், மாதவிடாய்ப் போக்கும் அதிகமாக இருக்கலாம். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள், எண்டோஸ்கோபி தேவையா என்று மூத்த மருத்துவரிடம் பேசுங்கள். ஹெப்சிடின் குடலிலும் கதவை அடைப்பதால் இரும்பு மாத்திரை சரியாக ஏறாமல் போகலாம். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால், மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா, கசிவு தொடர்கிறதா என்று பார்த்துவிட்டு, ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.