விட்ட இடம் வரை மட்டும்: சீரியல் முன்கதையைச் சுருக்கி எழுதும் முறை

திருமங்கலத்தில் இருக்கும் என் அத்தை, மகளின் பிரசவத்துக்காகப் புனேவுக்குப் போய் ஐந்து மாதம் கழித்துத் திரும்பினார். பாதியில் நின்ற சீரியலைச் செயலியில் விட்ட இடத்திலிருந்தே பார்க்க விரும்பினார். ஆனால் அதுவரையிலான கதை அவருக்கு மறந்துபோயிருந்தது. முழுவதையும் பார்த்துவிட்ட நான், பின்கதை கசியாமல் அதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

முதல் வேலை, விட்ட இடத்தைத் தேதியோடு கண்டுபிடிப்பது. எபிசோடு எண் யாருக்கும் நினைவிருப்பதில்லை. "மூத்த மருமகள் ஆரத்தை அடகு வைத்ததுதான் கடைசி" என்றார் அத்தை. பிறகு, அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய நாளோடு நிறுத்தியதாகவும் சொன்னார். செயலியில் அந்தத் தேதியைத் திறந்து பார்த்தால், அடகுக் காட்சி மறுநாளைக்கான முன்னோட்டத்தில்தான் இருந்தது. முன்னோட்டத்தில் ஓடியதையும் பார்த்த கதையாகவே மனம் எண்ணிக்கொள்ளும் என்பதால், காட்சியை விடத் தேதியை நம்புவதே நல்லது.

அடுத்து, அந்தத் தேதியில் யாருக்கு என்ன தெரியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ரகசியத்தை மாதக்கணக்கில் இழுப்பது சீரியலின் வழக்கம் ஆகையால், நடந்ததைவிட இதுவே முக்கியம். நான் குறித்தது இது: நிலப் பத்திரம் காணாமல் போனது மாமியாருக்கும் மூத்த மருமகளுக்கும் தெரியும், மாமனாருக்குத் தெரியாது, எடுத்தவர் யார் என்பது பார்க்கிற நமக்கே தெரியாது.

இனி எழுத்து. "நல்லவன் போலத் தெரியும் கொழுந்தன் அன்றிரவு தாமதமாக வந்தான்" என்று முதலில் எழுதினேன். 'போல' என்ற ஒரு சொல்லே குட்டை உடைத்துவிட்டது. அதை நீக்கிய பிறகும், வீட்டில் அத்தனை பேர் இருக்க அவன் வந்த நேரத்தை மட்டும் சொன்னது அவனையே சுட்டியது. அந்த வரியை எடுத்துவிடலாம் என்றால், பின்னால் வரும் ஒரு காட்சி அத்தைக்குப் புரியாமல் போகும். ஆகவே அதே எபிசோடில் நடந்த மற்றவற்றையும் சம எடையில் சேர்த்தேன்: "மாலையில் நாத்தனார் பீரோ சாவியை வாங்கினாள், தரகர் வந்து காபி குடித்துவிட்டுப் போனார், கொழுந்தன் இரவு தாமதமாக வந்தான்." 'அதுவரை', 'உண்மையில்', 'பாவம்' போன்ற சொற்களும் இப்படியே காட்டிக்கொடுக்கும், தேடி அடித்துவிடுங்கள்.

கடைசியாக, அந்தச் சீரியலையே பார்க்காத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, எடுத்தது யாராக இருக்கும் என்று கேளுங்கள். தயங்காமல் சரியான ஆளைச் சொன்னால் அந்தப் பத்தியைத் திருத்த வேண்டும். என் அம்மா தரகரைச் சந்தேகப்பட்டார். அதன் பிறகே அத்தைக்கு அனுப்பினேன்.

மாமியாராக நடித்தவர் இடையில் மாறிவிட்டதை மட்டும் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் அந்தப் பாத்திரம் அதுவரை உயிரோடு இருப்பது தெரிந்துவிடும். 'இவருக்குப் பதில் இவர்' என்று அன்றைய எபிசோடிலேயே எழுத்து ஓடும் என்பதால் விட்டுவிட்டேன்.