கிறிஸ்துமஸ் குடில் செட் வாங்கும் முன் பட்டியலில் ஒரு வரியைப் பாருங்கள்

வேலூர்க் கடைகளின் விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்ததும் விலையை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். ‘குடில் செட் 6 இஞ்ச், 11 பீஸ்’ என்றிருந்தால், அந்த 6 இஞ்ச் பெரும்பாலும் நிற்கும் சூசையப்பரின் உயரம்தான். மண்டியிட்ட மாதா அதைவிடக் குட்டையாக இருப்பார், குழந்தை இயேசு உள்ளங்கையில் அடங்கிவிடும். குடிசையும் அதில் சேர்த்தியா என்று கேளுங்கள், பல செட்டில் சொரூபங்கள் மட்டுமே வரும்.

எங்கள் வீட்டில் டீவி ஸ்டாண்டின் மேல் இரண்டடி அகலம்தான் இடம். அதற்கு 4 இஞ்ச் செட்டே நிறைவாக இருந்தது, 6 இஞ்சைவிட விலையும் குறைவு. குடிசையை அட்டைப்பெட்டியில் வாசல் 6 இஞ்ச் உயரம் வைத்து வெட்டி, மேலே வைக்கோல் ஒட்டினேன். புல்லுக்குக் காசே வேண்டாம், டிசம்பர் 14 வாக்கில் ஒரு தட்டில் ஈரமண் பரப்பி ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, தினம் தண்ணீர் தெளித்தால் பண்டிகைக்குள் பச்சைப்பசேலென்று நிற்கும்.

அப்புறம் ஸ்டார். ‘ஸ்டார் மட்டும்’ என்றால் வயர், ஹோல்டர், பல்பு எல்லாம் தனிச் செலவு. பேப்பர் ஸ்டாருக்குள் பழைய குண்டு பல்பு போடவே போடாதீர்கள், சூட்டில் பேப்பர் கருகும். சின்ன எல்இடி போதும். வாசலில் தொங்கவிடுவதாக இருந்தால் பிளாஸ்டிக் ஸ்டாரே எடுங்கள், மார்கழிப் பனியில் பேப்பர் நமுத்துக் கிழிந்துவிடும்.