பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் வலிமாத்திரை வாங்கும் முன்

சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாயை டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலிமாத்திரைகள் சுருக்கிவிடும். டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் அங்கிருந்து ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தமே சரிந்துவிடும்.

டெல்மிசார்டனும், நீர் பிரிய வைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் எடுக்கும் 65 வயதுக்காரர் மூட்டுவலிக்குத் தானாகவே டைக்ளோஃபெனாக் போடுகிறார், அப்புறம் வயிற்றுப்போக்கும் வருகிறது என்று வையுங்கள். சில நாட்களிலேயே, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1-இலிருந்து 2-ஐத் தாண்டலாம். சிறுநீர் குறைவது ஒரு அறிகுறி, ஆனால் சிலருக்கு அது ஏற்படாமலும் போகலாம்.

ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் சிறுநீரகத்தில் சிறுநீர் ஓடும் நுண்குழாய்களின் செல்களையே கெடுக்கும். ஆனால் வலிமாத்திரை விஷயத்தில் கோளாறு ரத்த ஓட்டத்தில்தான், சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரியாகும். வலிக்கு முதலில் பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். வாந்தி, பேதி வந்தால் வலிமாத்திரையை உடனே நிறுத்துங்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்துவதா என்பதை மருத்துவரே சொல்லட்டும்.