ரத்ததான முகாமுக்கு மூன்று நினைவூட்டல்கள்: எப்போது அனுப்புவது, என்ன எழுதுவது

முதன்முறையாக முகாம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் மூன்று முறை அனுப்புவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் முகாமுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு, "நாளை காலை முகாம், மறக்காமல் வரவும்" என்று எல்லோருக்கும் தட்டிவிட்டேன். மறுநாள் ஒரு கல்லூரிப் பையன் சரியான நேரத்துக்கு வந்து, ரத்தம் கொடுத்து, எழுந்து நாலு அடி நடந்ததும் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டான். படுக்கவைத்து, காலைத் தூக்கி வைத்து, தெளிந்த பிறகு விசாரித்தால், புரட்டாசி சனி விரதம், முந்தின நாள் ஒருவேளைச் சாப்பாடு, காலையில் வெறும் டீ. "சாப்பிட்டு வரணும்னு யாரும் சொல்லலண்ணே" என்றான். சொல்லாதவன் நான்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நினைவூட்டலுக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இதைப் படிக்கிற நேரத்தில் அவரால் இன்னும் என்ன செய்ய முடியும்? ஒரு வாரம் முன்னால் என்றால், தன்னால் கொடுக்க முடியுமா என்று பார்த்து, முடியாவிட்டால் விலகிக்கொள்ளலாம். இரண்டு நாள் முன்னால் என்றால் உடம்பைத் தயார் செய்யலாம். அன்று காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி இடத்தைக் கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான். அந்தந்தச் செய்தியில் அந்தந்த விஷயம் மட்டும் இருந்தால் போதும்.

இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். முகாம் 2026 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, காலை 9 முதல் பகல் 1 வரை. ரத்த வங்கி நான்கு கட்டில் கொண்டுவருகிறது. ரத்தம் எடுக்க ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் ஒருவருக்குக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் அரை மணிக்கு 8 பேர், நாலு மணி நேரத்தில் 64 பேர். பதிவு செய்யும்போதே ஒவ்வொருவருக்கும் ஓர் அரை மணி நேரத்தை ஒதுக்கிவிடுங்கள். நேரம் ஒதுக்காமல் அனுப்பும் நினைவூட்டல் எல்லோரையும் பத்து மணிக்குக் கொண்டுவந்து நிறுத்தும். பாதிப் பேர் காத்திருந்து அலுத்துத் திரும்பிவிடுவார்கள்.

முதல் நினைவூட்டல்: செப்டம்பர் 27, ஞாயிறு மாலை 7 மணி

சரியாக ஏழு நாள் முன்னால். ஞாயிறு மாலை என்றால் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், வரும் வாரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தச் செய்தியின் வேலை, கொடுக்க முடியாதவரை ஒரு வாரம் முன்பே கண்டுபிடிப்பது. அப்போதுதான் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவரை அந்த இடத்துக்கு அழைக்க முடியும். நம் நாட்டு விதிப்படி வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். வயதையும் எடையையும் பதிவின்போதே கேட்டுவிடலாம். ஹீமோகுளோபினை முகாமில் விரலில் குத்திப் பார்ப்பார்கள், அதில் நாம் செய்ய ஒன்றுமில்லை. நினைவூட்டலில் வர வேண்டியது, ஆள் மறந்துபோகிற விஷயம்: கடைசியாக எப்போது கொடுத்தோம் என்பது.

ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். ஆனால் "90 நாள் ஆகியிருக்க வேண்டும்" என்று எழுதினால் யாரும் விரல்விட்டு எண்ணப் போவதில்லை. "மூணு மாசம் ஆச்சுல்ல, சரிதான்" என்று வந்துவிடுவார்கள். கணக்கை நீங்களே போட்டுத் தேதியாகக் கொடுங்கள். அக்டோபர் 4-இலிருந்து 90 நாள் பின்னால் போனால் ஜூலை 6, 120 நாள் போனால் ஜூன் 6. நான் எழுதுவது இப்படி:

> வணக்கம் (பெயர்). அக்டோபர் 4 ஞாயிறு ரத்ததான முகாமில் உங்கள் நேரம் காலை 9.30. ஜூலை 6-க்குப் பிறகு ரத்தம் கொடுத்திருந்தாலோ (பெண்கள்: ஜூன் 6), கடந்த ஒரு வருடத்தில் பச்சை குத்தியிருந்தாலோ, இப்போது ஏதாவது மருந்து சாப்பிட்டாலோ சொல்லுங்கள், ரத்த வங்கி மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன். வருவதாக இருந்தால் 1, இந்த முறை முடியாது என்றால் 2 என்று மட்டும் அனுப்புங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். ரத்தம் கொடுக்க முடியாத காரணங்கள் பல, வெளியில் சொல்ல முடியாதவை. மஞ்சள் காமாலை வந்து போயிருக்கலாம், மாதவிடாய் நாளாக இருக்கலாம், கர்ப்பமாக இருக்கலாம், இன்னும் அந்தரங்கமான ஏதாவது இருக்கலாம். காரணம் கேட்டால் சங்கடப்பட்டு, வருவதாகச் சொல்லிவிடுவார். வந்து மருத்துவரின் கேள்விக்கும் பொய் சொன்னால், அந்த ரத்தம் போய்ச் சேரும் நோயாளிக்குத்தான் ஆபத்து. பரிசோதனைகள் இருந்தாலும், தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாட்களில் அது பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

அதனால்தான் வாட்ஸாப் குழுவிலும் இதைப் போடக் கூடாது என்கிறேன். குழுவில் பத்துப் பேர் வரிசையாகக் கைகூப்பி "வருகிறேன்" என்று போட்ட பிறகு, பதினோராவது ஆள் முடியாது என்று எப்படிப் போடுவார்? தனித்தனியாக அனுப்புங்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட் வசதிதான், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும். பதிவு நாளிலேயே "என் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, "உங்கள் ஒரு துளி ஓர் உயிரைக் காக்கும்" வகை வரிகள் வேண்டாம். அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர். அந்த வரி வந்தால் மொத்தச் செய்தியையும் விளம்பரம் என்று நினைத்து, ஜூலை 6-ஐப் படிக்காமலே தள்ளிவிடுவார்.

புதன்கிழமை வரை பதில் வராதவர்களுக்கு மட்டும் வியாழன் மாலை போன் செய்யுங்கள். "அண்ணே, ஞாயித்துக்கிழமை முகாமுக்கு உங்க பேரு ஒன்பதரைக்குப் போட்டிருக்கேன். அப்படியே வச்சுக்கட்டுமா, வேற யாருக்காவது குடுத்திரட்டுமா?" இப்படிக் கேட்டால் முடியாது என்று சொல்வதும் எளிதாகிவிடுகிறது. போன் முடிந்ததும் உறுதியான எண்ணிக்கையை ரத்த வங்கிக்குச் சொல்லிவிடுங்கள். பைகளையும் ஆட்களையும் அந்தக் கணக்கில்தான் அனுப்புவார்கள்.

இரண்டாவது: அக்டோபர் 2, வெள்ளி மாலை 7 மணி

வழக்கமாக எல்லோரும் முந்தின நாள் இரவு அனுப்புவார்கள். அது தாமதம். உடம்பைத் தயார் செய்கிற நாள் சனிக்கிழமை, அந்த நாள் தொடங்குவதற்கு முன்பே செய்தி போய்விட வேண்டும். இந்த அக்டோபர் 3 புரட்டாசி சனி வேறு. விரதம் இருப்பவர் வெள்ளி இரவே தெரிந்துகொண்டால், சனி இரவு நன்றாகச் சாப்பிடத் திட்டமிடுவார். மது அருந்தும் பழக்கம் உள்ளவருக்கும் சனி மாலை நண்பர்கள் கூப்பிடும் முன்பே செய்தி கையில் இருக்க வேண்டும். கூடிய பிறகு படித்து என்ன பயன்?

> (பெயர்), ஞாயிறு 9.30 உங்கள் நேரம். சனி விரதம் என்றால் இரவு கட்டாயம் வயிறார சாப்பிடுங்கள். சனி மாலை முதல் மது வேண்டாம். இரவு பதினொன்றுக்குள் தூங்கிவிடுங்கள். ஞாயிறு காலை வெறும் வயிற்றோடு வர வேண்டாம். காய்ச்சல், சளி வந்தால் ஒரு வரி போடுங்கள், அடுத்த முகாமுக்கு மாற்றிவைக்கிறேன்.

"சத்தான உணவு உட்கொள்ளவும்" என்று எழுதாதீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. ஜூலை 6, பச்சை குத்துவது எல்லாம் இங்கே திரும்ப வர வேண்டாம். இப்போது அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, முக்கியமான வரியைத்தான் அது மறைக்கும். முதல்முறை கொடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கிறேன்: "ஊசி குத்தும்போது ஒரு சுருக், பிறகு பத்து நிமிடம் படுத்திருப்பது, அப்புறம் பிஸ்கட்டும் ஜூஸும்." நடக்கப்போவது தெரிந்தால் பயம் பாதி குறையும்.

கடைசி: ஞாயிறு காலை, இரண்டு தவணையாக

9 முதல் 10.30 வரை நேரம் உள்ளவர்களுக்குக் காலை 6.45-க்கு, 11 மணிக்கு மேல் உள்ளவர்களுக்கு 9 மணிக்கு. சாப்பாட்டுக்கும் முகாமுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும், அந்தக் கணக்குதான். எல்லோருக்கும் 6.45-க்கே அனுப்பினால் பன்னிரண்டரை மணி ஆள் ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, பசியோடு வந்து படுப்பார்.

> இன்று 9.30. நாலு இட்லியாவது சாப்பிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். இடம்: பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் நகராட்சிப் பள்ளி, ரேஷன் கடை பக்கத்து வாசல். முழங்கைக்கு மேல் ஏற்ற முடிகிற கை வைத்த சட்டை. வழி தெரியாவிட்டால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

எந்த வாசல் என்பதை எழுத மறக்காதீர்கள். வரைபட லிங்க் பள்ளியின் பூட்டிய முன்வாசலில் கொண்டுபோய் விடும்.

சாதாரண போன் வைத்திருப்பவர்களுக்கு எஸ்எம்எஸ் போகும். அங்கே ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 தான். அதிலும் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். "முகாம்" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஆறு. அதனால் அவர்களுக்கு நேரம், சாப்பாடு, வாசல் மூன்றை மட்டும் வைத்துச் சுருக்குங்கள்.

மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒன்பதரைக்கு வராதவரைப் பத்து மணிக்குக் கூப்பிட்டுக் கேட்பதும் வேண்டாம், கடைசி நிமிடத்தில் பின்வாங்க அவருக்கு உரிமை இருக்கிறது.

முகாம் நடக்கும்போது பதிவு மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். வந்தும் கொடுக்க முடியாமல் திரும்பியவர் ஒவ்வொருவருக்கும், மேசைக்கு அவராகச் சொன்னதை மட்டும் ஒரு சொல்லில் எழுதுங்கள். "இடைவெளி" என்று வந்தால் முதல் செய்தியில் கோளாறு. "சாப்பிடவில்லை", "தூக்கமில்லை" என்றால் இரண்டாவதில். "வாசல் தெரியாமல் சுற்றினேன்" என்றால் மூன்றாவதில். "ஹீமோகுளோபின்" என்று வந்தால் உங்கள் செய்தியில் குறையில்லை, அதற்காக எதையும் மாற்ற வேண்டாம்.

கொடுத்துவிட்டுப் போகிறவர் பெயருக்கு எதிரே அடுத்து கொடுக்கக்கூடிய தேதியையும் அப்போதே குறித்துவிடுங்கள்: ஆண்களுக்கு 2027 ஜனவரி 2, பெண்களுக்கு பிப்ரவரி 1.