மாமா விரலில் மாட்டிய மோதிரம்

கல்யாணத்துக்கு முந்தைய இரவு, மாப்பிள்ளைக்கு வைத்திருந்த மோதிரத்தை மாமா ‘அளவு பார்க்க’ போட்டார். போனது, வரவில்லை. இழுக்க இழுக்க விரல் வீங்கியது. சோப்புக்கும் மசியவில்லை. அவருக்கு விரலைவிடப் பெண் வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் கவலை.

இழுப்பதை நிறுத்தி, கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்லிவிட்டு, நூல் கேட்கப் பெண் வீட்டார் அறைக்குப் போனேன். பெண்ணின் அத்தை கதவைப் பாதிதான் திறந்தார். “உடையில ஜிப் மாட்டிக்கிச்சு, உங்க பக்கம் சொல்லிடாதீங்க” என்றார். சரி, எங்கள் சோப்புக்கு வேலை வந்தது. மாட்டியிருந்த உள்துணியை மெல்ல விடுவித்து, உலர்ந்த சோப்பைப் பற்களில் தேய்த்ததும் ஜிப் நகர்ந்தது.

நூலோடு திரும்பினேன். ஒரு முனையை ஊக்கின் வளைந்த பக்கத்தால் மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, உள்ளங்கைப் பக்கம் எடுத்தேன். மீதி நூலை மோதிரத்தை ஒட்டி, நெருக்கமாக, மூட்டைத் தாண்டும்வரை சுற்றினேன். இடைவெளி விட்டால் அங்கே சதை பிதுங்கி மோதிரம் நின்றுவிடும். முதல் தடவை அப்படித்தான் நின்றது, மறுபடி சுற்றினேன். அப்புறம் உள்ளங்கைப் பக்க முனையை விரல் நுனியை நோக்கி இழுத்துப் பிரிக்க, சுற்றுக்குச் சுற்று மோதிரம் ஏறியது. விரல் நீலமாகியோ மரத்தோ இருந்தால் இதை முயலாமல் மருத்துவமனைக்குப் போய் மோதிரத்தை வெட்டத்தான் வேண்டும்.

மோதிரம் கழன்றதும் மாமா நிதானமாகச் சொன்னார்: “மாப்பிள்ளைக்கு அளவு சரியாத்தான் இருக்கும்.”