வாலட்டுக்குப் பணம் வரவில்லையா? கேஒய்சி வரம்பைச் சரிசெய்வது எப்படி

சென்ற மாதம் தங்கையின் வாலட்டுக்கு 3,000 ரூபாய் அனுப்பினேன், போகவில்லை. இருவருக்கும் இணையம் நன்றாகவே இருந்தது. அவள் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பை முழுதாக முடிக்காததுதான் காரணம்.

1. வாலட்டா, வங்கிக் கணக்கா?
ஒரே செயலியில் இரண்டும் இருக்கும். இங்கே சொல்லும் கேஒய்சி வரம்பு வாலட்டுக்கு மட்டும்தான். அவசரம் என்றால் யூபிஐ வழியாக வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

2. எந்த வரம்பு தடுக்கிறது?
செயலியின் புரொஃபைல் பக்கத்தில் கேஒய்சி நிலையைப் பாருங்கள். முழுமையாகவில்லை என்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி வாலட்டில் எந்த நேரத்திலும் 10,000 ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு மாதத்தில் உள்ளே வருவதும் மொத்தம் 10,000-ஐத் தாண்டக்கூடாது. இந்த இரண்டாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

தங்கையின் இருப்பு 7,400. அதோடு 3,000 சேர்ந்தால் 10,400 ஆகிவிடும், அதனால் முதல்முறை போகவில்லை. சரி என்று 5,000 ரூபாய்க்கு மளிகை வாங்கினாள். இருப்பு 2,400 ஆனது. மறுபடி அனுப்பினேன், அப்போதும் போகவில்லை! பரிவர்த்தனைப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால், அந்த மாதம் ஏற்கெனவே 9,200 உள்ளே வந்திருந்தது. மீதி இடம் 800 மட்டுமே. செலவழித்தால் இருப்பு குறையும், மாதக் கணக்கு குறையாது.

ரொக்கம் கட்டி நிரப்பும் வகை வாலட் என்றால் இன்னொன்றும் உண்டு. 24 மாதத்துக்குள் முழு கேஒய்சி முடிக்காவிட்டால் ஒரு ரூபாய்கூட உள்ளே வராது. இருக்கிற பணத்தைச் செலவழிக்க மட்டும் முடியும்.

3. வீடியோ கேஒய்சி
வரம்பை உயர்த்த, வீடியோ அழைப்பில் அடையாளத்தைக் காட்டி முழு கேஒய்சி முடிக்கலாம். அசல் பான் கார்டு, ஆதார், ஆதாரோடு இணைத்த மொபைல் மூன்றும் கையில் இருக்கட்டும். இருப்பிட அனுமதியை ஆன் செய்து, விபிஎன் இருந்தால் அணைத்துவிடுங்கள். செயலிக்குள் சென்று நீங்களே தொடங்குங்கள். 'கேஒய்சி முடிக்கிறோம்' என்று யாராவது அழைத்து ஓடிபி, பின் நம்பர் கேட்டால் உடனே துண்டியுங்கள்.

4. இனிஷியல் சிக்கல்
நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆதாரில் பெயரோடு ஓர் எழுத்து இனிஷியல் இருக்கும், பானில் அது அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். பெயர் ஒத்துப்போகவில்லை என்று நிராகரித்துவிடுவார்கள். தங்கைக்கும் அதுதான் நடந்தது. பான் கார்டைச் சான்றாகக் காட்டி, ஆதார் மையத்தில் பெயரைத் திருத்தினோம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறைதான் மாற்றலாம். அதனால் ஒப்புகைச் சீட்டில் எழுத்துக்கூட்டலைச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

திருத்தம் ஏறியதும் மறுபடி வீடியோ கேஒய்சி செய்தாள், ஏற்றுக்கொண்டார்கள். முழு கேஒய்சி வாலட்டில் 2 லட்சம் ரூபாய் வரை வைத்திருக்கலாம். அதே 3,000-ஐ அனுப்பினேன், உடனே போய்ச் சேர்ந்தது.