சிஆர்ஆர்டி ஓடும் நோயாளிக்குப் புரதக் கணக்குப் போடுவது எப்படி?

ஐசியூவில் புதிதாகச் சேர்ந்த உணவியலாளர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்குக்கு ஒரு மாதிரி நோயாளியை வைத்துக்கொள்வோம். வயது 58, செப்சிஸ், திடீர் சிறுநீரகச் செயலிழப்பு, வென்டிலேட்டர், மூக்குக்குழாய் உணவு. சிறுநீரகத்தின் வேலையை இரவும் பகலும் செய்யும் இயந்திரச் சிகிச்சையான சிஆர்ஆர்டி தொடங்கி நான்காம் நாள்.

முதலில் எடை. கட்டில் தராசு 82 கிலோ காட்டுகிறது. கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறது, அதாவது அதில் ஒரு பகுதி தேங்கிய நீர். வீட்டாரைக் கேட்டால், நோய்க்கு முன் 68 கிலோ என்கிறார்கள். கணக்குக்கு 68தான். 82ஐப் போட்டால் தண்ணீருக்கும் சேர்த்துப் புரதம் கொடுப்போம்.

அடுத்து இழப்பு. இந்த இயந்திரம் யூரியாவோடு அமினோ அமிலங்களையும் வெளியே தள்ளுகிறது. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் திரவமான எஃப்ளூயன்ட் ஒரு லிட்டருக்குச் சுமார் 0.2 கிராம் என்று வைப்பது வழக்கம். ஆர்டரில் மணிக்கு 1,800 மில்லி என்று இருக்கும், ஆனால் அதை 24ஆல் பெருக்காதீர்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டது, ஸ்கேனுக்குக் கொண்டு போனார்கள் என்று நேரம் போயிருக்கும். நர்ஸின் சார்ட்டைப் பாருங்கள். நம் நோயாளிக்கு நேற்று ஓடியது 20 மணி நேரம்: 36 லிட்டர், இழப்பு சுமார் 7 கிராம்.

இப்போது இலக்கு. அடிப்படைக்குக் கிலோவுக்கு 1.3 கிராம் எடுத்தால் 88 கிராம், இழப்போடு 95. கிலோவுக்கு 1.4 ஆகிறது. சிறுநீரக நோய்க்கான 2012இன் கேடிகோ வழிகாட்டி சிஆர்ஆர்டியில் 1.7 வரை போகலாம் என்கிறது. ‘கூடுதல் புரதம் நல்லது’ என்று அதையும் தாண்ட நான் அவசரப்பட மாட்டேன். 2023இல் வெளிவந்த எஃபர்ட் ஆய்வில் 2.2 அல்லது அதற்கு மேல் இலக்கு வைத்தும் பலனில்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தீங்கு இருக்கலாம் என்றே தோன்றியது.

இனி உணவு. கிலோவுக்கு 25 கலோரி என்றால் 1,700. மயக்கத்துக்கு ஓடும் புரோபோஃபால் மணிக்கு 10 மில்லி. மில்லிக்கு 1.1 கலோரி, ஆக 264 கலோரி அதிலேயே வந்துவிடுகிறது. இதை மறந்தால் கலோரி மிகையாகும். (ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் ஓடினால் அதற்கும் கலோரி உண்டு, இவருக்கு ஹெப்பாரின்தான்.) மீதி 1,436க்கு 1.5 கலோரி ஃபார்முலா சுமார் 950 மில்லி போதும். அதன் லேபிளில் லிட்டருக்கு 60 கிராம் புரதம் என்றால் கிடைப்பது 57. துண்டு விழும் 38 கிராமுக்குப் புரதப் பவுடர்தான் வழி. 100 கிராமில் 80 புரதம் உள்ள பவுடர் என்றால் சுமார் 48 கிராம், நாலு வேளையாகப் பிரித்து, தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே. ஃபார்முலாவை ஏற்றிப் புரதத்தை எட்டப் பார்த்தால் கலோரி எகிறும்.

பிறகு கண்காணிப்பு. ரத்த யூரியா குறைவாக இருக்கிறதே, புரதம் போதவில்லையோ என்று எண்ண வேண்டாம். அதை இயந்திரம் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆல்புமினும் அழற்சியில் விழும், அதுவும் உதவாது. எஃப்ளூயன்டில் யூரியா நைட்ரஜன் அளந்தால் நைட்ரஜன் சமநிலை ஓரளவு தெரியும். சிஆர்ஆர்டி டோஸ் மாறாமல் ரத்த யூரியா ஏறினால், முதலில் ஃபில்டரையும் குடல் ரத்தக்கசிவையும் சந்தேகியுங்கள், அப்புறம்தான் புரதத்தை. பாஸ்பேட்டைத் தினமும் பாருங்கள். அதுவும் அதே பையில்தான் போகிறது.

இயந்திரத்தை நிறுத்திய அன்றே அந்த 7 கிராமைக் கழித்துவிட்டு, அடிப்படை அளவையும் மருத்துவரோடு பேசி மறுபடி முடிவு செய்யுங்கள்.